ஊறுகா பாக்கெட்ல லேபிள் எழுதுறப்ப

காரைக்குடி பக்கம் வீட்ல ஊறுகா போட்டு விக்கிறவங்க நிறைய பேர் லேபிள்ல "மாங்காய், எண்ணெய், மசாலா"ன்னு மட்டும் போட்டுடறாங்க, அது பத்தாது. போடும்போதே ஒவ்வொண்ணையும் தராசுல வச்சு எடையக் குறிச்சு வச்சுக்கங்க, எது எடை அதிகமோ அது முதல்ல வரணும்.

எங்க ஆச்சி கணக்கு மாங்காத்துண்டு 1 கிலோ, நல்லெண்ணெய் 250 கிராம், கல்லுப்பு 150, மிளகாத்தூள் 100, கடுகுப்பொடி 25, வெந்தயம் 10, பெருங்காயம் 5, லேபிள்லயும் இதே வரிசைதான்.

இதுல எல்லாரும் கோட்டை விடுறது பெருங்காயத்துலதான். கடையில வாங்குற கூட்டுப்பெருங்காய டப்பாவத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் மைதா இருக்கும், அப்ப நம்ம பாக்கெட்லயும் "கோதுமை உள்ளது"ன்னு தனியா எழுதியே ஆகணும், 5 கிராம்தானேன்னு விடாதீங்க, கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு அது போதும்.

அடுத்து தேதி. 5ஆம் தேதி போட்ட ஊறுகாய 20ஆம் தேதி பாக்கெட் பண்ணா, கெடுற கணக்கு 5ல இருந்துதான் ஓடுது. தயாரிச்ச தேதியும் எதுக்குள்ள சாப்பிடணும்ங்கிற தேதியும் நாள் மாசம் வருஷத்தோட இருக்கட்டும், "6 மாதம்"னு மட்டும் போட்டா வாங்குறவங்க எதுலருந்து எண்ணுவாங்க?

அந்த 6 மாசமும் குத்துமதிப்பா வேணாம். ஒவ்வொரு தடவையும் சீல் பண்ண 2 பாக்கெட்ட அலமாரியிலயே வச்சு மாசாமாசம் பாருங்க, பாக்கெட் உப்பினாலோ எண்ணெய் சிக்கு வாடை அடிச்சாலோ அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தேதிய முடிச்சிடுங்க.