வீட்டுக் கடன் வட்டி: நாள் கணக்கா, மாதக் கணக்கா?

பட்டர்வொர்த்தில் வீடு வாங்கியவருக்கு 300,000 ரிங்கிட் கடன் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் வட்டி 1,050 ரிங்கிட். நாள் கணக்கில் ஒரு நாளைக்கு 34.52, 30 நாள் மாதத்துக்கு 1,035.62, 31 நாள் மாதத்துக்கு 1,070.14. ஆண்டு முழுதும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் தெரிவது கூடுதல் பணம் கட்டும்போதுதான். போனஸில் 10,000 ரிங்கிட்டை 30 நாள் மாதத்தின் 10ஆம் தேதி கட்டுகிறார். நாள் கணக்கில், மிச்சமுள்ள 20 நாளுக்கு 290,000க்குத்தான் வட்டி. அந்த மாத வட்டி 1,012.60 ஆகிவிடும், 23 ரிங்கிட் மிச்சம். மாதக் கணக்கில் மாதத் தொடக்கப் பாக்கிக்கே வட்டி போடுவதால் அதே 1,050தான். குறைவது அடுத்த மாதம்தான். மாதக் கணக்குக் கடன் என்றால், கூடுதல் பணத்தை மாதக் கணக்கு முடிவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: சில கடன்களில் கூடுதல் பணத்தை அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்வார்கள், அசல் குறையாது. அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அப்புறம் அடுத்த ஸ்டேட்மென்டில் பாக்கி 10,000 இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.