ஓடிஜியில் மேல் ராட், கீழ் ராட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கருகின கேக்குகள் வர ஆரம்பித்துவிடும். மேலும் கீழும் சூட்டு ராட் வைத்த சின்ன மின் ஓவனான ஓடிஜியைப் புதிதாக வாங்கியவர்கள் ஒரு துண்டை வெட்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு, "அக்கா, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று வந்து நிற்பார்கள். ப்ரீஹீட் செய்ய மறந்தது, டைமரைத் திருப்பாமல் விட்டது போன்றவற்றை எந்த வீடியோ பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது ராடுகளைப் பற்றி.

கேக் வேகும்போது மேல் ராடையும் எரியவிடுவது

போன வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி விவிகம் கேக் செய்து எடுத்து வந்தாள். நம் ஊர் கிறிஸ்துமஸுக்கு அது எவ்வளவு முக்கியம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள் என்று எல்லாமே நல்லதாகத்தான் போட்டிருந்தாள். மேலே கரிய ஓடு, நடுவில் ஒரு பிளவு, அந்தப் பிளவு வழியாகப் பொங்கி வந்து காய்ந்த மாவு. கத்தியை இறக்கினால் நடுவில் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. "நூத்தி அறுபதுலதான் வெச்சேன் அக்கா" என்றாள். இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நூற்று அறுபது என்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. அதுவும் சூட்டைப் பார்த்து ராடை அணைத்து எரியவிடும் தெர்மோஸ்டாட்டின் முனை இருக்கும் இடத்துக் காற்று. ராடின் சூடு அது இல்லை. ராட் எரிகிற நேரத்தில் சிவக்கச் சிவக்கக் காய்கிறது, எதிரே இருப்பதை நேராகச் சுடுகிறது. நிழலில் முப்பத்தாறு டிகிரி என்று செய்தியில் சொல்லும் நாளில் மொட்டை மாடியில் போய் நின்று பாருங்கள், அதேதான் இங்கேயும். 20, 25 லிட்டர் ஓவனில் உப்பி எழுந்த கேக்கின் தலைக்கும் மேல் ராடுக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தால் பெரிது. விவிகம் மாவு கனமானது, நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மேலே ஓடு கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவு பிறகு எழும்பும்போது போக வழியில்லாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த படியில். கருகிவிட்டதே என்று மறுமுறை அதே இரண்டு ராடுடன் 120-இல் வைக்கிறார்கள். சூட்டைக் குறைத்தால் ராட் எரியும் நேரம்தான் குறையும், எரியும்போது அது அதே சிவப்புதான். கேக்கோ மெதுவாக வெந்து, மாவு இறுகுவதற்குள் பேக்கிங் பவுடரின் காற்று போய், பழங்கள் அடியில் இறங்கி, பிட்டால் உதிர்கிற கட்டியாக வரும். முந்திரி விலைக்கு இரண்டாவது முறையும் நஷ்டம். எண்ணை மாற்றாதீர்கள், ராடை மாற்றுங்கள்.

ஏழு அங்குல டின்னில் விவிகம் என்றால் நான் செய்யும் முறை இது. இரண்டு ராடும் போட்டு 160-இல் ப்ரீஹீட். விளக்கு முதல் முறை அணைந்ததும் கேக்கை வைத்துவிட மாட்டேன். காற்று காய்ந்திருக்கும், ஓவனின் சுவர் காய்ந்திருக்காது. விளக்கு மறுபடி எரிந்து, இரண்டாம் முறை அணையட்டும். அப்புறம் குமிழைக் கீழ் ராடுக்கு மட்டும் திருப்ப வேண்டும். கட்டத்துக்குள் அடியில் மட்டும் கோடு போட்ட படம் அது. பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த ஒரு திருப்பலில்தான். ப்ரீஹீட்டுக்குப் போட்ட இரண்டு ராடு அப்படியே கடைசி வரை எரிந்துகொண்டிருக்கும்.

கேக்கின் நடு உயரம் ஓவனின் நடுவில் வரும்படி கம்பித்தட்டைக் கீழ்ப் பள்ளத்தில் வையுங்கள். அடி தீயாமல் இருக்க டின்னுக்குள் காகிதம் இரண்டு மடிப்பாகப் போடுங்கள். கறுப்பு டின் அடியை இன்னும் சீக்கிரம் சிவக்க வைக்கும், வெள்ளை அலுமினிய டின் நல்லது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள். பழத்தின் பிசுபிசுப்பு ஒட்டினால் பரவாயில்லை, வெள்ளையாக மாவு ஒட்டினால் இன்னும் கால் மணி நேரம். வெந்தபிறகும் மேலே வெளுத்திருந்தால்தான் மேல் ராடுக்கு வேலை. கடைசி ஐந்து நிமிடம் இரண்டும் எரியட்டும், நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள்.

சில பழைய ஓவன்களில் கீழ் ராட் மட்டும் போட்டால் சூடு போதாது, விளக்கு அணையவே அணையாது. அப்படியானால் இரண்டையும் போட்டுவிட்டு, இடமிருந்தால் மேல் பள்ளத்தில் ஒரு காலித் தட்டைச் செருகிவிடுங்கள். ராடுக்கும் கேக்குக்கும் நடுவே அது மறைப்பாக நிற்கும். இடமில்லையா, முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஓடு பிடித்ததும் ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள். ராடில் படக்கூடாது.

அடியில் விழும் துகளுக்காகக் கீழ்த்தட்டில் ஃபாயில் விரிப்பது

வேண்டாம். சூடு திருப்பி அடித்து ராடும் அடித்தகடும் கெடும்.

மீனுக்குச் சூட்டைக் குறைத்து வைப்பது

இங்கே தவறு தலைகீழ். கேக்குக்கு எது எதிரியோ அதுதான் கிரில்லுக்கு வேண்டும். முதுநகர் துறைமுகத்திலிருந்து வந்த நல்ல வஞ்சிரத் துண்டை வாங்கி, மசாலா தடவி, "கருகிடுமோ" என்று பயந்து 180-இல் வைக்கிறார்கள். காற்று 180 தொட்டதும் தெர்மோஸ்டாட் ராடை அணைத்துவிடும். அணைந்த ராடுக்கு அடியில் மீன் தன் தண்ணீரிலேயே வேகும், வெளுத்துப்போன குழம்பு மீன் மாதிரி வரும். நிறம் வருவது ராட் சிவந்திருக்கும் நிமிடங்களில் மட்டும்தான். அதனால் மேல் ராட் மட்டும் போட்டு, சூட்டுக் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, ராட் சிவந்தபிறகு மீனை வையுங்கள். மசாலாவின் ஈரத்தைத் துடைத்து எண்ணெய் தொட்டு, கம்பித்தட்டை மேல் பள்ளத்தில் செருகுங்கள். கட்டைவிரல் கனத் துண்டுக்கு ஒரு பக்கம் ஆறு நிமிடம், திருப்பி நாலைந்து நிமிடம். எண்ணெய் சொட்டப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வைப்போமே, அதனால்தான் கீழ் ராட் எரியக்கூடாது. எரிந்தால் அந்த எண்ணெய் தீய்ந்து வீடெல்லாம் புகை.

மேலே சீஸ் போட்டுவிட்டு போன் பேசப் போவது

போகாதீர்கள்.

புது ஓவனில் முதலிலேயே கேக் வைப்பது

முதலில் ஒரு பாக்கெட் சாண்ட்விச் ரொட்டி வாங்குங்கள். கம்பித்தட்டு நிறையத் துண்டுகளை அடுக்கி, நடுப்பள்ளத்தில் வைத்து, மேல் ராட் மட்டும் எரியவிட்டு 200-இல் ஐந்தாறு நிமிடம் பாருங்கள். எந்தத் துண்டு முதலில் சிவக்கிறது, எது வெள்ளையாகவே இருக்கிறது என்று தெரியும். கதவுப் பக்கம் வெளுத்து உள்பக்கம் சிவப்பது சகஜம், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. அப்புறம் புதுத் துண்டுகளை வைத்துக் கீழ் ராடுக்கும் இதையே செய்து, துண்டுகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு வரிசை முழுக்க நிறமே வரவில்லை என்றால் அது வைத்த விதத்தின் கோளாறு இல்லை, மேலேயோ கீழேயோ ஜோடியாக இருக்கும் ராடில் ஒன்று எரியவில்லை. வாரண்டி அட்டையை எடுங்கள்.