நண்பனிடம் கடனைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பனுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைத் திரும்பக் கேட்டு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன:

"நண்பா, எப்படி இருக்கே? ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், சங்கடமா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதே. அன்னைக்கு வாங்கின பணம் ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். எனக்கும் இப்போ கொஞ்சம் நெருக்கடி. நீ போன மாசம் வெளியூர் போன படமெல்லாம் பார்த்தேன், சந்தோஷம். ஒரேயடியா முடியலைன்னா கொஞ்சம் கொஞ்சமா கொடு. முடியறப்போ கொடுத்தாப் போதும்."

எழுதியவர் நல்லவர்தான். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பணம் வராது. "சரிடா, சீக்கிரம் பார்க்கிறேன்" என்று ஒரு பதில் வரும், அப்புறம் பல மாதங்களுக்கு மௌனம். ஏன் அப்படி ஆகிறது என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

கடனின் விவரத்தை ஒரு கணக்காகவே வைத்துக்கொள்வோம். போன வருடம் மார்ச்சில் 60,000 கொடுக்கப்பட்டது. ஆகஸ்டில் நண்பன் 10,000 திருப்பினான். அதன்பின் எதுவும் வரவில்லை. பாக்கி 50,000.

மேலே உள்ள கடிதத்தில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. "அன்னைக்கு வாங்கின பணம்" என்று மட்டும் இருக்கிறது. பணத்தைப் பற்றி எண்ணால் பேசுவது கறாராகத் தெரியும் என்று பலரும் தயங்குகிறார்கள். உண்மையில் எண் இல்லாத கடிதம்தான் வாங்கியவனை அதிகம் கஷ்டப்படுத்துகிறது. அவன் மனதில் பாக்கி 45,000 என்று இருக்கலாம், அல்லது திருப்பிக் கொடுத்தது 15,000 என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதைத் தெளிவுபடுத்தாமல் தவணை பற்றிப் பேசினால், பாதி வழியில் கணக்குச் சண்டை வரும். எந்த மாதம் எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு திரும்ப வந்தது, பாக்கி எவ்வளவு என்று மூன்றே வாக்கியங்களில் எழுதிவிட வேண்டும். அவன் திருப்பிக் கொடுத்த 10,000-ஐக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அவன் செய்ததை நீங்கள் மறக்கவில்லை என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். பின்னோடு, "என் கணக்கில் ஏதாவது தவறு இருந்தால் சொல்லு" என்று சேர்த்தால் போதும். வட்டி பற்றிக் கொடுக்கும்போது பேசவில்லை என்றால், இப்போது அதைப் புதிதாகக் கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது, "சங்கடமா இருந்துச்சு, தப்பா எடுத்துக்காதே" என்பது. ஒருமுறை சொன்னால் குற்றமில்லை. கடிதம் முழுக்க அதையே சொன்னால், கேட்பதே தவறு என்று கேட்பவரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். "எனக்கும் நெருக்கடி" என்ற வரியில் வேறொரு சிக்கல் உண்டு. அது உண்மையாக இருந்தால் எழுதலாம். பணத்தைக் கேட்க ஒரு காரணம் வேண்டுமே என்று சேர்த்திருந்தால், பேச்சு உடனே உங்கள் நெருக்கடி பெரிதா, அவனுடையது பெரிதா என்று திரும்பிவிடும். அந்த ஒப்பீட்டில் கடன் காணாமல் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கக் காரணம் தேவையில்லை, கொடுத்ததே காரணம்.

வெளியூர்ப் படங்கள் பற்றிய வரிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "சந்தோஷம்" என்ற சொல் அங்கே இருந்தாலும், படிப்பவனுக்கு அது குத்தலாகத்தான் கேட்கும். அந்தப் பயணத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும், அவன் எதில் செலவு செய்கிறான் என்று எழுத ஆரம்பித்தால் அவன் தன் வாழ்க்கைக்குப் பதில் சொல்லத் தொடங்குவான், கடனுக்குப் பதில் சொல்ல மாட்டான். அந்த வரியை அடித்துவிடுங்கள். பழைய உதவிகளின் பட்டியலும் வேண்டாம். பொது நண்பர்கள் இருக்கும் குழுவில் கேட்பது, இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்புவது இரண்டும் இதே வகைதான். பணம் வந்தாலும் நட்பு திரும்பாது.

இனி கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்கு வருவோம். பணம் வருவதும் வராததும் அங்கேதான் முடிவாகிறது.

"கொஞ்சம் கொஞ்சமா கொடு, முடியறப்போ கொடுத்தாப் போதும்" என்பது தவணை ஆகாது. எவ்வளவு, எப்போது, எப்படி என்ற மூன்றும் இருந்தால்தான் அது தவணை. "முடிகிறபோது" என்று விட்டால், ஒவ்வொரு மாதமும் அவன் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கும். கையில் இருக்கும் சிறிய தொகையை அனுப்பினால் மரியாதைக் குறைவோ என்று தோன்றும், கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுவான். சேரவே சேராது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத நண்பன்கூட இப்படித்தான் வருடங்களைக் கடத்துகிறான்.

சரி, எவ்வளவு என்று சொல்வது? இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சீக்கிரம் முடியட்டும் என்று மாதம் 10,000 வீதம் ஐந்து தவணை கேட்பவர்கள் உண்டு. நண்பன் வெட்கத்தில் சம்மதிப்பான். முதல் மாதம் எப்படியோ புரட்டிக் கொடுப்பான், இரண்டாவது மாதம் பாதி வரும், மூன்றாவது மாதம் போனை எடுக்க மாட்டான். சம்மதித்ததைச் செய்ய முடியாத வெட்கம், கடன் வாங்கிய வெட்கத்தைவிடப் பெரியது. அதனால் அவனுக்கு மோசமான மாதத்திலும் கொடுக்கக்கூடிய தொகையைத்தான் தவணையாக வைக்க வேண்டும். நம் உதாரணத்தில் மாதம் 2,500 என்றால் 20 மாதத்தில் 50,000 முடிந்துவிடும். நீளமாகத்தான் தெரியும். ஆனால் தொடர்ந்து வரும் 2,500 முழுக் கடனையும் அடைக்கும், நின்றுபோன 10,000 அடைக்காது.

இன்னொரு பக்கத் தவறு, அவன் கேட்கும் முன்பே நாமே குறைத்துச் சொல்வது. "மாதம் 2,500, முடியாவிட்டால் 1,500, அதுவும் கஷ்டம் என்றால் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினால், படிப்பவன் பிடித்துக்கொள்வது கடைசி வாக்கியத்தைத்தான். ஒரே தொகையைச் சொல்லுங்கள். அது அதிகம் என்றால் அவனே ஒரு தொகையைச் சொல்லட்டும். அவன் வாயால் வரும் எண் நடக்கக்கூடியதாக இருக்கும். தொகையில் எவ்வளவு வேண்டுமானாலும் இளகலாம். முதல் தவணையின் தேதியில் மட்டும் இளகக் கூடாது. அவன் மாதம் 1,500 என்று சொன்னாலும் 34 மாதத்தில் கடன் முடியும். தேதியே இல்லாத 2,500 முடியவே முடியாது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவனுக்குப் பணம் வரும் நாளைப் பாருங்கள். சம்பளம் மாத ஆரம்பத்தில் வருமென்றால் 5-ஆம் தேதி சரி. 25-ஆம் தேதி என்று வைத்தால் அதற்குள் எல்லாம் செலவாகியிருக்கும். மாத வருமானமே இல்லாத நண்பன் என்றால், வாரத்துக்கு ஒருமுறை சின்னத் தொகை அவனுக்கு எளிது.

ஒரு மாதம் தவறினால் என்ன செய்வது என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள். முதல் தடங்கலிலேயே ஏற்பாடு முழுக்கச் சரிவது இதனால்தான். விட்ட தவணையை அடுத்த மாதத்தோடு சேர்த்து 5,000 ஆகக் கேட்காதீர்கள். 2,500 கொடுக்க முடியாதவனிடம் அடுத்த மாதமே இரண்டு மடங்கு எங்கிருந்து வரும்? அந்தத் தவணையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக நீங்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தேதிக்கு முன்பே ஒரு வரி தகவல்.

இப்போது அதே கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"நண்பா, நலமா? இது பணத்தைப் பற்றிய கடிதம், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருடம் மார்ச்சில் உனக்கு 60,000 கொடுத்தேன். ஆகஸ்டில் நீ 10,000 திருப்பிக் கொடுத்தாய். பாக்கி 50,000. என் கணக்கில் தவறிருந்தால் சொல்லு.

இதை ஒரேயடியாகக் கொடுப்பது உனக்குக் கஷ்டம் என்று தெரியும், நான் அப்படிக் கேட்கவில்லை. மாதம் 2,500 வீதம் 20 மாதத்தில் முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என் வங்கிக் கணக்கில் போட்டுவிடு. அடுத்த மாதம் 5-ஆம் தேதி முதல் தவணை. 2,500 அதிகம் என்றால் உன்னால் முடிகிற தொகையை நீயே சொல்லு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மாதமே தொடங்கிவிட வேண்டும்.

ஏதாவது ஒரு மாதம் முடியவில்லை என்றால் 5-ஆம் தேதிக்கு முன்பே ஒரு வரி சொல்லு. அந்தத் தவணையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு சரியா என்று வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுது. இந்தக் கணக்கு நடக்கிறவரை நாம் சந்திக்கும்போது பணப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்."

இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதிலுக்கு ஒரு நாள் குறித்திருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் எப்போது நினைவூட்டலாம் என்பது உங்களுக்கே தெரியாது. கடைசி வாக்கியத்தை எழுதினால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். பணம் பாக்கி இருக்கும் நண்பன் நம்மைச் சந்திக்கவே தயங்குவது, எந்த நேரம் பேச்சு அங்கே போகுமோ என்ற பயத்தால்தான்.

பதிலை எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. பல நாடுகளில் கடனை நீதிமன்றத்தில் கேட்கக் காலக்கெடு இருக்கிறது. பாக்கியை ஒப்புக்கொண்ட எழுத்து இருந்தால் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடந்தும் பதில் இல்லை என்றால், நீளமான இரண்டாவது கடிதம் வேண்டாம். "என் கடிதம் கிடைத்ததா? மாதம் 2,500 உனக்குச் சரிவருமா, வேறு தொகை வேண்டுமா?" என்ற அளவுக்குச் சின்னக் கேள்வி போதும். பதில் சொல்ல எளிதான கேள்விக்குத்தான் வெட்கத்தில் இருப்பவன் பதில் சொல்வான். அதற்கும் பதில் இல்லை என்றால் நேரில் பார்த்துப் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது, இன்னும் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பணம் வர ஆரம்பித்ததும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி அனுப்புங்கள்: "2,500 வந்தது, பாக்கி 47,500. நன்றி." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பரவாயில்லையே, சரியான தேதிக்குக் கொடுத்துட்டியே" போன்ற வார்த்தைகள் பாராட்டாக எழுதப்பட்டாலும் அவனுக்கு வலிக்கும். பாக்கி குறைந்துகொண்டே வருவதை மாதாமாதம் இருவரும் ஒரே எண்ணில் பார்த்தால், கடைசித் தவணையன்று பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு எதுவும் இருக்காது.