வேலை மெயில்ல பாயிண்ட் எல்லாம் ஒரே மாதிரி முடியணும்

உட்லண்ட்ஸ்ல எங்க பிளாக் பொங்கல் விழாவுக்கு வாலன்டியர்ஸ்க்குப் போற மெயில நான்தான் சரிபார்த்து அனுப்புவேன், வந்த டிராஃப்ட் இப்படி இருந்துச்சு:

- சவுண்ட் சிஸ்டம்
- கரும்பு ஆர்டர் பண்ணணும்
- ஹால் புக் பண்ணியாச்சு
- சாப்பாடு எத்தனை பேருக்கு?

முதல் பாயிண்ட்ட படிச்சா வாடகைக்கு எடுக்கணுமா, இருக்கறத டெஸ்ட் பண்ணணுமான்னே புரியல. தமிழ்ல வினை கடைசிலதான் வரும், அதனால நான் வரியோட முடிவ மட்டும் மேலேருந்து கீழ பாத்துட்டு வருவேன், எது தனியா நிக்குதோ அங்கதான் சிக்கல். ஹால் விஷயம் வேலையே இல்ல, தகவல், அத லிஸ்ட்டுக்கு மேல தூக்கிட்டேன். மீதி:

- சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு எடுக்கணும்
- கரும்பு ஆர்டர் பண்ணணும்
- சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு கேட்டரருக்குச் சொல்லணும்

கேள்விய மாத்துனப்பதான் யார்கிட்ட சொல்லணும்ங்கறதே அதுல இல்லன்னு தெரிஞ்சுது. "பண்ணுங்க"ன்னும் முடிக்கலாம், ஆனா டீம்ல பெரியவங்க இருக்காங்க, "பண்ணணும்" கொஞ்சம் சாந்தமா இருக்கும் (என் அபிப்ராயம்). ஒரே குறை, "பண்ணணும்"னா யாருன்னு தெரியாது, அதனால ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் பேரும் தேதியும் அதே வரிசையில போட்டு அனுப்பிட்டேன்.