டேவிஸ்–மூர் கோட்பாட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குச் சமூகவியல் படிக்கும் மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரு வாக்கியத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்: "குறைந்த கூலி பெறும் வேலை சமூகத்துக்கு முக்கியமற்றது என்பது செயற்பாட்டியலாளர்களின் கருத்து." சமூகத்தின் ஒவ்வோர் ஏற்பாடும் அச்சமூகம் இயங்க என்ன பணி செய்கிறது என்று பார்ப்பவர்களே செயற்பாட்டியலாளர்கள்; டேவிஸும் மூரும் அவர்களுள் இருவர். மேற்கண்டபடி எழுதுவது தவறு. இந்தத் தவறோடு தொடங்கினால் பிறகு எழுதும் மறுப்பும் தடம் மாறிவிடும்.

அமெரிக்கச் சமூகவியலாளர்களான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945-இல் எழுதிய கட்டுரையில், முக்கியமான பதவிகளுக்குத் தகுந்தவர்கள் வர ஏற்றத்தாழ்வான வெகுமதி தேவை என்றும், ஒரு பதவிக்குரிய வெகுமதியைத் தீர்மானிப்பவை இரண்டு என்றும் சொன்னார்கள். ஒன்று, அப்பதவி சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது. மற்றொன்று, அதற்குத் தேவையான திறமையோ பயிற்சியோ உடையவர்கள் எவ்வளவு அரியவர்கள் என்பது. மிக முக்கியமான வேலையாக இருந்தாலும், அதைச் செய்ய ஆட்கள் எளிதில் கிடைத்தால் அதற்குப் பெரிய வெகுமதி தேவைப்படாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனவே துப்புரவுப் பணியாளரைக் காட்டி மட்டும் இக்கோட்பாட்டை முறியடிக்க முடியாது. அதற்கான பதில் கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சரியான மறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். பருவம் உச்சத்தில் இருக்கும்போது கொதிகலனை இயக்குபவர் வராவிட்டால் ஆலை நிற்கும். பழத்தைத் தரம் பிரித்து நறுக்கும் பெண்கள் வராவிட்டாலும் ஆலை நிற்கும். பிற பதவிகள் ஒரு பதவியை எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பது முக்கியத்துவத்தை அறிய டேவிஸும் மூரும் காட்டிய அளவுகோல்களில் ஒன்று. ஆனால் அதைக் கொண்டு இவ்விருவரையும் ஏற்ற இறக்கமாக நிறுத்த முடியவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் டூமின் இக்கோட்பாட்டை எதிர்த்து 1953-இல் எழுதிய விமர்சனத்தில், தொழிற்சாலைப் பொறியாளரையும் பயிற்சியற்ற தொழிலாளரையும் எடுத்துக்கொண்டு இதையே கேட்டார். ஒருவருக்கு மாற்றாள் கிடைப்பது கடினமா எளிதா என்பதே பேரம் பேசும் வலிமையைப் பொறுத்த மதிப்பீடு என்பது அவர் வாதம். அந்தப் பெண்களுக்கு ஊரில் வேறு வேலை கிடைப்பது அரிது என்றால், அவர்கள் 'எளிதில் கிடைப்பவர்கள்' ஆகிவிடுகிறார்கள். இதில் அவர்களுடைய திறமைக்குப் பங்கே இல்லை.

இந்த இடத்தில் பலர் வட்டமாக வாதிடும் பிழையில் விழுகிறார்கள். மருத்துவர் அதிகம் சம்பாதிப்பதால் அவர் பணி முக்கியமானது என்றும், முக்கியமானது என்பதால் அதிகம் சம்பாதிக்கிறார் என்றும் எழுதினால், எதுவும் விளக்கப்படவில்லை. ஊதியத்தைத் தொடாமல் முக்கியத்துவத்தைத் தனியாக நிறுவ வேண்டும்; மாங்கூழ் ஆலையில் நாம் தடுமாறிய இடமும் அதுதான்.

பயிற்சிக்காகச் செய்யும் தியாகத்துக்கு ஈடாகவே உயர்ந்த வெகுமதி என்ற வாதத்தையும் கணக்குப் போடாமல் ஏற்கவோ தள்ளவோ கூடாது. மருத்துவக் கல்வி சுமையானது, செலவு மிக்கது என்பதால் தக்க வெகுமதி இல்லாமல் யாரும் அதை மேற்கொள்ள மாட்டார்கள் என்பது டேவிஸ், மூர் இருவரும் தந்த எடுத்துக்காட்டு. ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் பிளஸ் டூ முடித்து ஓசூரில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலைக்குப் போகிறார், மற்றவர் அரசுக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 66 மாதங்களில் மருத்துவ மாணவர் இழக்கும் வருமானம் 9,90,000 ரூபாய். பிறகு அவர் மாதம் 60,000 ரூபாய் பெற்றால், நண்பரைவிடக் கூடுதலான 45,000 ரூபாயைக் கொண்டு 22 மாதங்களில் அந்த இழப்பு நேராகிவிடும். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை. கல்விக் கட்டணத்தையும் நண்பரின் ஊதிய உயர்வையும் சேர்த்தால் காலம் நீளும். முதல் பத்தாண்டுக்குள் இழப்பு மீண்டுவிடும் என்றுதான் டூமினும் சொன்னார். அதற்குப் பின் வாழ்நாள் முழுதும் தொடரும் இடைவெளியைத் தியாகத்தின் பெயரால் விளக்க முடியாது. தனியார் கல்லூரியானால் செலவு பன்மடங்கு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைப் பெரும்பாலும் ஏற்பவர்கள் பெற்றோர், அதுவும் தங்கள் உயர்ந்த நிலையால் ஈட்டிய பணத்திலிருந்து.

இதனால் சாதியையோ பரம்பரைச் செல்வத்தையோ டேவிஸும் மூரும் நியாயப்படுத்தினார்கள் என்று எழுதிவிடக் கூடாது. அவர்கள் பேசியது பதவிகளின் வரிசையைப் பற்றி. எந்த மனிதர் எந்தப் பதவிக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பது வேறு கேள்வி என்று பிரித்தே வைத்தார்கள். இந்தப் பிரிவினை நிற்காது என்பதே டூமினின் விமர்சனத்தில் எனக்கு மிக வலுவாகப் படுவது. பயிற்சிக்கான வாயில் பெற்றோரின் நிலையைப் பொறுத்துத் திறக்கும்போது, சமூகத்தில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. தெரியாத ஒன்றை 'அரிது' என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதன் வழியே சேர்ந்து படிக்கும் பென்னாகரத்துப் பிள்ளை அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்திருந்தால், அதே திறமையோடு கணக்குக்கு வெளியே நின்றிருக்கக்கூடும்.