பழைய இதழின் சில பக்கங்களைக் கேட்டு நூலகத்துக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்கள் பற்றிய ஒரு பழைய கட்டுரை எனக்குத் தேவைப்பட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ இதழில் அது வெளிவந்ததாக ஒரு நூலின் அடிக்குறிப்பில் கண்டேன். அந்தக் குறிப்பில் “தமிழ்ப் பொழில், 1932, பக். 385–392” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதை அப்படியே கடிதத்தில் எடுத்தெழுதி, அந்த இதழ்த் தொகுப்பு இருந்த ஒரு நூலகத்துக்கு அனுப்பினேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு, நான் கேட்ட எண்களைத் தாங்கிய எட்டுப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் இருந்தது வேறொரு கட்டுரையின் நடுப்பகுதி.

நூலகர் நான் எழுதியதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். தவறு என் கடிதத்தில் இருந்தது. இரண்டாம் முறை எழுதிய கடிதத்துக்குச் சரியான பக்கங்கள் கிடைத்தன. அந்த இரண்டாம் கடிதத்தை எப்படி அமைத்தேன் என்பதை, முதன்முறையாக இத்தகைய கடிதம் எழுதும் ஆய்வு மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன். தமிழ் மின்னூலகத்தில் அந்த இதழ் ஏற்கெனவே கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதை உறுதி செய்தல்

நான் இடறியது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த தமிழ் மாத இதழ்கள் பல, சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடியும் தமிழ் ஆண்டை ஒரு தொகுதியாகக் கொண்டன. ஆகவே ஒரே தொகுதி இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். எடுத்துக்காட்டாக, பிரஜோற்பத்தி ஆண்டு 1931 ஏப்ரலில் பிறந்து 1932 ஏப்ரலில் முடிந்தது. அந்த ஆண்டின் தை, மாசி, பங்குனி மாத இதழ்கள் 1932இல் வெளிவந்தவை; ஆனால் அவை 1931–32 என்று முதுகில் எழுதப்பட்ட கட்டுக்குள் இருக்கும். நான் வெறுமனே 1932 என்று எழுதியதால், நூலகர் அடுத்த கட்டை, அதாவது ஆங்கீரச ஆண்டின் 1932–33 தொகுப்பை, எடுத்து 385ஆம் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.

அப்படி ஒரு பக்கம் அதிலும் இருந்ததற்குக் காரணம் பக்க எண்ணின் ஓட்டம். ஆண்டு முழுவதும் பக்க எண் தொடர்ந்து ஓடும் இதழ்களில், ஒவ்வோர் ஆண்டுத் தொகுப்பிலும் 385ஆம் பக்கம் என்று ஒன்று இருக்கக்கூடும். இந்த ஓட்டமே நமக்குச் சரிபார்க்கும் கருவியாகவும் உதவும். மாதத்துக்கு ஏறக்குறைய 40 பக்கம் வரும் இதழ் என்றால், பத்தாவது மாதமான தை இதழ் 361ஆம் பக்கத்தை ஒட்டித் தொடங்க வேண்டும். எனவே 385 என்பது தை மாதத்துக்குப் பொருந்துகிறது; தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு 1932 என்பதும் பிரஜோற்பத்திக்கே பொருந்துகிறது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் என் ஆறு வாரங்கள் மிஞ்சியிருக்கும். மாறாக, ஒவ்வோர் இதழும் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கும் வகையாக இருந்தால், மாதப் பெயர் இல்லாத பக்க எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், அதை மட்டும் தனியே எழுத வேண்டாம். “பிரஜோற்பத்தி ஆண்டு, தை மாதம் (1932 ஜனவரி–பிப்ரவரி)” என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தொகுதி எண் குறித்து ஓர் எச்சரிக்கை. இதழ் தொடங்கிய ஆண்டிலிருந்து கழித்துப் பார்த்துத் தொகுதி எண்ணை நாமே கண்டுபிடித்து எழுதக் கூடாது. இடையில் சில மாதங்கள் நின்றுபோன இதழ்களில் அந்தக் கணக்கு தவறிவிடும். அச்சில் கண்ட எண் இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் ஆண்டும் மாதமும் போதும். எழுதும்போது அந்தந்த இதழின் சொல்லையே பயன்படுத்துங்கள். ‘தமிழ்ப் பொழில்’ தொகுதியைத் துணர் என்றும் இதழை மலர் என்றும் குறிக்கும். ‘செந்தமிழ்ச் செல்வி’யில் அவை சிலம்பும் பரலும். “துணர், மலர்” என்று பார்த்தவுடனேயே எந்த அலமாரி என்று தெரிந்துகொள்ளும் நூலகர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: எந்தப் பக்கங்களைக் கேட்பது

கட்டுரைக்கு முன் ஒரு பக்கமும் பின் ஒரு பக்கமும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம். பழைய இதழ்களில் ஒரு கட்டுரை பக்கத்தின் நடுவே முடிந்து, அதன் குறிப்பு மறுபக்கத்துக்குப் போயிருக்கலாம். இத்துடன், அந்த மாத இதழின் முதல் பக்கத்தையும் கேளுங்கள். தொகுத்துக் கட்டும்போது பெரும்பாலும் மேலட்டைகளை நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு மாதமும் தொகுதி எண்ணும் இதழின் முதல் பக்கத் தலைப்பில் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவதற்கு அந்தப் பக்கமே சான்று.

மூன்றாம் படி: கடிதம்

என் இரண்டாம் கடிதத்தைச் சொந்த விவரங்களை மட்டும் நீக்கி அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்
(பெயர்), முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், (துறை, கல்லூரி, முகவரி, கைபேசி, மின்னஞ்சல்)

பெறுநர்
நூலகர் அவர்கள், (நூலகம், முகவரி)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: ‘தமிழ்ப் பொழில்’ இதழின் 11 பக்கங்களுக்குப் படி வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். கல்வெட்டுகளில் காணப்படும் ஊர்ப் பெயர்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தங்கள் நூலகத்தில் உள்ள ‘தமிழ்ப் பொழில்’ தொகுப்பில், பிரஜோற்பத்தி ஆண்டு, தை மாத மலரில் (1932 ஜனவரி–பிப்ரவரி) வெளிவந்த “……” என்னும் கட்டுரை என் ஆய்வுக்குத் தேவைப்படுகிறது. இம்மலர் 1931–32 எனக் குறிக்கப்பட்ட தொகுப்பில் இருக்கலாம். 384 முதல் 393 வரையுள்ள பக்கங்களையும், அம்மலரின் முதல் பக்கத்தையும் படியெடுத்து வழங்குமாறு வேண்டுகிறேன். பக்க எண்ணும் கட்டுரைத் தலைப்பும் பொருந்தாவிடில், படியெடுக்கும் முன் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பாகக் கிடைத்தால் நலம். இதற்குரிய கட்டணத்தையும் செலுத்தும் முறையையும் தெரிவித்தால் உடன் செலுத்துகிறேன், ரூ. 300 வரை என் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டியதில்லை. இப்படிகளை என் ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்றும், தங்கள் நூலகத்தின் பெயரை ஆய்வேட்டில் நன்றியுடன் குறிப்பிடுவேன் என்றும் உறுதி அளிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், நாள், இடம்)

இணைப்பு: 1. நெறியாளர் பரிந்துரைக் கடிதம். 2. ஆய்வாளர் அடையாள அட்டை நகல்.

இக்கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது “பக்க எண்ணும் கட்டுரைத் தலைப்பும் பொருந்தாவிடில்” என்று தொடங்கும் வரி. தலைப்பு கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரையாவது எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், எடுத்தது சரிதானா என்று பார்க்க நூலகருக்கு வழியே இருக்காது. ரூ. 300 என்ற வரம்பு, ஐம்பது ரூபாய்க்காக ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து நடப்பதைத் தவிர்த்தது. முன்கூட்டியே பணம் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு நூலகத்துக்கும் கட்டணமும் அதைப் பெறும் வழியும் வேறு.

ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். நெறியாளரின் கடிதத்தில் துறையின் முத்திரை இருக்கட்டும்.

நான்காம் படி: எந்த வடிவில் கேட்பது

ஜெராக்ஸைவிட ஸ்கேன் படியையே நான் விரும்புகிறேன். ஜெராக்ஸ் எடுக்கத் தொகுப்பைக் கவிழ்த்து அழுத்த வேண்டும். எண்பது, தொண்ணூறு ஆண்டுப் பழைய தாள் அந்த அழுத்தத்தில் மடிப்போடு ஒடிந்துவிடும், கட்டின் உட்பக்க ஓரத்து எழுத்துகளும் கறுத்து மறைந்துவிடும். மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் கேளுங்கள். ஒற்றெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிய அந்த அளவு வேண்டும். கைபேசிப் படம்தான் கிடைக்கும் என்றால் அதையும் மறுக்க வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணக் கோப்பாக அனுப்பும்படி கேளுங்கள்.

கடிதத்தை அஞ்சலில் கையொப்பத்துடனும், அதையே பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு சொல்லும் படிக்க முடியாது.

படிகள் வந்ததும் அன்றே எண்ணிப் பாருங்கள். பக்க எண்கள் விடுபடாமல் ஓடுகின்றனவா, ஒரு பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு சேருகிறதா என்று பார்த்தாலே குறை தெரிந்துவிடும். தொகுப்பு மீண்டும் அலமாரிக்குப் போவதற்குள் சொன்னால் விடுபட்ட பக்கம் எளிதில் கிடைக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டவை

பதிப்புரிமையைக் காட்டி மறுத்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஒரு முழுத் தொகுதியை அல்லாமல் சில பக்கங்களை மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், எழுதியவர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் அவர் எழுத்துக்கு உரிமைக் காலம் முடிந்துவிடும். கல்வெட்டறிஞர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1960இல் மறைந்தார். அவர் கட்டுரைகளுக்கு அது 2020ஆம் ஆண்டின் முடிவோடு கடந்துவிட்டது. கட்டுரையாளர் மறைந்த ஆண்டு உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதலாம். சட்டத்தை எடுத்து வாதிடும் தொனி மட்டும் வர வேண்டாம்.

இன்னொருவருக்கு, தாள் பொடிந்துவிட்டதால் படியெடுக்க இயலாது என்று பதில் வந்திருந்தது. அந்த மறுப்பு முறையானதே; மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் அதைத் தொட்டாலே உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அவரிடம், அதே இதழின் நுண்படச் சுருள் இருக்கிறதா என்றும், இல்லையெனில் நேரில் வந்து, நூலகர் பக்கத்தைப் புரட்ட, கையால் குறிப்பெடுக்க ஒரு நாள் ஒதுக்க முடியுமா என்றும் இரண்டே வரியில் மறுகடிதம் எழுதச் சொன்னேன். சுருள் இல்லை என்றும், வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்குமாறும் அவருக்குப் பதில் வந்தது. பென்சில் மட்டும் எடுத்துச் சென்று, நான்கு பக்கக் கட்டுரையைப் பிற்பகலுக்குள் முழுவதும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.