டிரஸ்ட் ரீஜன்: எப்போது அகலக்கால் வைக்கலாம், எப்போது கூடாது

ஒரு சார்பின் சிறுமத்தைத் தேட லைன் சர்ச் எழுதிப் பழகியவர்கள் முதன்முதலாக டிரஸ்ட் ரீஜன் எழுதும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். அடி சரிப்படவில்லை என்றால் ஆரத்தைக் குறைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, கையில் இருந்த அதே அடியை நான்கில் ஒரு பங்காக வெட்டிக்கொண்டேன். நிரல் ஓடியது, விடையும் வந்தது. ஆனால் நான் எழுதியிருந்தது டிரஸ்ட் ரீஜனே அல்ல, வேறு பெயரில் இருந்த லைன் சர்ச்.

லைன் சர்ச்சில் திசையை முதலில் முடிவு செய்கிறோம். அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அப்புறம் பார்க்கிறோம். தூரம் குறைந்தாலும் திசை மாறாது. டிரஸ்ட் ரீஜனில் "நம் இருபடி மாதிரியை Δ தூரம் வரைதான் நம்பலாம்" என்று Δ ஆரத்தில் எல்லை போட்டுவிட்டு, அந்த எல்லைக்குள் மாதிரி மிகக் குறைவாக இருக்கும் புள்ளியைத் தேடுகிறோம். Δ மாறினால் அந்தப் புள்ளி மாறும், திசையும் சேர்ந்தே திரும்பும்.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது தெரியும். மாதிரி ½(x² + 100y²), நாம் நிற்கும் புள்ளி (10, 1), மதிப்பு 100 என்று கொள்வோம். நியூட்டன் அடி (−10, −1), அதன் நீளம் ஏறத்தாழ 10. இந்த மாதிரியை 1 தூரம் வரைதான் நம்ப முடியும் என்று வைத்துக்கொண்டு நியூட்டன் அடியை நீளம் 1 ஆகும்படி வெட்டினால், மாதிரியின் மதிப்பு சுமார் 81-க்கு இறங்கும். எல்லைக்குள் சிறந்த புள்ளியை முறையாகத் தேடினால் அடி ஏறத்தாழ (−0.53, −0.85) என்று வரும், மதிப்பு 46-க்கு இறங்கும். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் போய்க்கொண்டிருந்த அடி, ஆரம் சுருங்கியதும் செங்குத்தான சரிவின் பக்கம் திரும்பிவிட்டது. 1970-இல் பவல் கொடுத்த டாக்லெக் முறை இந்தத் திருப்பத்தை இரண்டே கோட்டுத்துண்டுகளால் தோராயமாகப் பிடிக்கிறது. ஆகவே அடி நிராகரிக்கப்பட்டால் உட்கணக்கை மறுபடி தீர்க்க வேண்டும். ஆனால் கிரேடியன்டையும் ஹெஸ்ஸியனையும் மறுபடி கணக்கிடத் தேவையில்லை, ஏனென்றால் நாம் இன்னும் அதே புள்ளியில்தான் நிற்கிறோம். இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு நிராகரிப்புக்கும் புது ஹெஸ்ஸியன் கணக்கிடும் நிரல்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆரத்தைக் கூட்டிக் குறைக்கும் விதி. சார்பு உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதை, மாதிரி எவ்வளவு குறையும் என்று சொன்னதோ அதால் வகுத்தால் ρ கிடைக்கும். `p` என்பது அடி, `eta` என்பது அடியை ஏற்க ρ தாண்ட வேண்டிய அளவு என்று கொண்டால் வழக்கமான விதி இது:

```python
if rho < 0.25:
    delta = 0.25 * norm(p)
elif rho > 0.75 and on_boundary:
    delta = min(2 * delta, delta_max)
if rho > eta:
    x = x + p
```

கடைசி இரண்டு வரிகள் தனியாக நிற்பது தற்செயல் அல்ல. `eta` 0.1 என்றும் ρ 0.2 என்றும் இருந்தால், அடியை ஏற்றுக்கொண்டே ஆரத்தையும் குறைக்க வேண்டும். நகர்வதா என்பது ஒரு கேள்வி, மாதிரியை நம்புவதா என்பது இன்னொரு கேள்வி.

இந்த விதியை f(x) = √(1 + x²) மேல் ஓட்டிப் பார்ப்போம். சிறுமம் x = 0-இல் இருக்கிறது. நியூட்டன் முறை இங்கே x-இலிருந்து நேராக −x³-க்குத் தாவும். x = 2-இல் தொடங்கினால் −8, அதற்கடுத்து 512 என்று கையைவிட்டுப் போய்விடும்.

Δ = 1 என்று தொடங்குவோம். அடி −1, x = 1-க்கு வருகிறோம், ρ = 0.97. மாதிரி நன்றாகப் பொருந்துகிறது, அடியும் எல்லையில் முட்டி நிற்கிறது. எல்லை இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும் என்பதால் Δ = 2 ஆகிறது. இப்போது நியூட்டன் அடி −2. அது −1-இல் கொண்டுபோய் விடுகிறது, அங்கே சார்பின் மதிப்பு துளியும் மாறவில்லை. ρ = 0 என்பதால் அடியை நிராகரித்து Δ = 0.5 ஆக்குகிறோம். x = 0.5-க்கு வந்தால் ρ = 0.96, மறுபடி எல்லையில் முட்டியதால் Δ = 1. இப்போது நியூட்டன் அடியின் நீளம் 0.625 மட்டுமே, எல்லைக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. x = −0.125, ρ = 0.79.

இந்தக் கடைசி அடியில்தான் இரண்டாவது தவறு நடக்கும். ρ 0.75-ஐத் தாண்டிவிட்டதே என்று Δ-வை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். கூடாது. எல்லை இந்த அடியைத் தடுக்கவே இல்லை, ஆகவே 1-க்கு அப்பால் மாதிரி நம்பத்தக்கதா என்பதற்கு நம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. மேலே உள்ள `on_boundary` நிபந்தனை அதற்காகத்தான். அதை விட்டுவிட்டால், சார்பு மென்மையாக இருக்கும் பகுதியில் ஆரம் 2, 4, 8 என்று சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டே போகும். உடனே எதுவும் கெட்டுவிடாது. சார்பு திடீரென வளையும் இடம் வரும்போதுதான் அதற்கான விலை தெரியும்.

அந்த விலை எவ்வளவு என்பது மூன்றாவது தவறைப் பொறுத்தது. நாம் x = 1-இல் நிற்க, வீங்கிய ஆரம் Δ = 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்டன் அடியின் நீளம் 2, ρ = 0. ஆரத்தையே நான்கால் வகுத்தால் 16. எல்லை இன்னும் அடியைத் தொடவில்லை, ஆகவே வருவது அதே −2 அடி, அதே நிராகரிப்பு. அடுத்தது 4. மறுபடியும் அதே அடி. Δ = 1 ஆன பிறகுதான் ஏதாவது மாறும். இடையில் இரண்டு முறை சார்பை வீணாகக் கணக்கிட்டுவிட்டோம். ஒரு கணக்கீடு பல நிமிடம் பிடிக்கும் உருவகப்படுத்தலாக இருந்தால் இது சின்ன நட்டம் அல்ல. Δ-வுக்குப் பதிலாக அடியின் நீளத்தை நான்கால் வகுத்தால் (`0.25 * norm(p)`) முதல் முறையிலேயே 0.5 வந்துவிடும். பதிவுகளில் சார்பின் மதிப்பு கடைசி இலக்கம் வரை மாறாமல் அடுத்தடுத்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். `scipy` நூலகத்தின் `trust-ncg` கூட ஆரத்தையேதான் நான்கால் வகுக்கிறது. ஆனால் அதில் `on_boundary` போன்ற நிபந்தனை இருப்பதால் ஆரம் காரணமில்லாமல் வீங்குவதில்லை.

நம் கணக்குக்குத் திரும்புவோம். −0.125-லிருந்து 0.00195, அங்கிருந்து −0.0000000075 வரை எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்த அடியில் மாதிரி முன்கூட்டிச் சொல்லும் குறைவு ஏறத்தாழ 2.8 × 10⁻¹⁷. ஆனால் 64 பிட் எண்ணில் 1-க்கு அருகே அவ்வளவு நுண்ணிய மாற்றத்தை எழுதவே முடியாது. f இரண்டு புள்ளிகளிலும் சரியாக 1 என்றே வரும். உண்மைக் குறைவு 0, ஆகவே ρ = 0. விடையின் மேலேயே நின்றுகொண்டு நிரல் நல்ல அடியை நிராகரிக்கும், ஆரத்தைச் சுருக்கும், மறுபடி நிராகரிக்கும். கிரேடியன்ட் 10⁻⁸-க்குக் கீழே வந்ததும் நிறுத்தச் சொல்லியிருந்தால் இதற்கு முன்பே தப்பித்திருப்போம். 10⁻¹² கேட்டிருந்தால் ஆரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் "தோல்வி" என்ற செய்தியோடு நிரல் நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டு ஹெஸ்ஸியன் தவறு என்று நாள் கணக்கில் வகைக்கெழுக்களைச் சரிபார்ப்பவர்கள் உண்டு. அதற்கு முன் ρ-வின் மேலும் கீழும் உள்ள இரண்டு எண்களையும் தனித்தனியாக அச்சிட்டுப் பாருங்கள். இரண்டுமே |f| × 10⁻¹⁵ அளவுக்குக் கீழே இருந்தால் ρ-வுக்குப் பொருளே இல்லை. அந்த நிலையில் ρ = 1 என்று எடுத்துக்கொண்டு அடியை ஏற்றுக்கொள்ளலாம், முடிவதை கிரேடியன்டின் அளவை வைத்துத் தீர்மானிக்கலாம். இரண்டும் அதைவிடப் பெரிதாக இருந்தும் Δ சிறிதாகச் சிறிதாக ρ 1-ஐ நெருங்கவில்லை என்றால், அப்போது கிரேடியன்டைச் சந்தேகிக்கலாம்.